மடக்கைத் தாளில் ஒரு நேர்கோடு: சென்னை ஏன் கோட்டுக்கு மேலே நிற்கிறது?

வெஸ்ட் ஈலிங்கிலும் அதைச் சுற்றியும் வாழும் எமது பிள்ளைகளில் ஏ-லெவல் கணிதம் படிப்பவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் மடக்கை வரைபைச் சந்திக்கிறார்கள். இரண்டு அச்சுகளிலும் மடக்கையை எடுத்துப் புள்ளிகளைக் குறி, நேர்கோடு வந்தால் இரண்டு அளவுகளுக்கும் இடையில் அடுக்கு விதி இருக்கிறது, கோட்டின் சாய்வே அந்த அடுக்கு என்று பாடம் சொல்கிறது. பரீட்சைக்கு இது போதும். பரீட்சைத்தாளில் வரும் தரவுகள் நேர்கோட்டில் விழுவதற்கென்றே தயாரிக்கப்பட்டவை. உண்மையான தரவு அப்படி வராது. ஆகவே எமக்குத் தெரிந்த ஊர்களின் சனத்தொகையை எடுத்து, அந்த வரைபு எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்று இங்கே பார்ப்போம்.

முதலில் தாளைப் பார்ப்போம். சாதாரண வரைபுத் தாளில் 1-இலிருந்து 2-க்கு உள்ள தூரமும் 9-இலிருந்து 10-க்கு உள்ள தூரமும் ஒன்றே. மடக்கைத் தாளில் அப்படியல்ல. அங்கே 1-இலிருந்து 2-க்கு உள்ள தூரமும் 5-இலிருந்து 10-க்கு உள்ள தூரமும் சமம், ஏனென்றால் இரண்டுமே இரு மடங்கு. அதாவது சாதாரணத் தாளில் தூரம் என்பது வித்தியாசம், மடக்கைத் தாளில் தூரம் என்பது மடங்கு. இந்த ஒரு விடயம் மனதில் நின்றுவிட்டால் மற்றவை எல்லாம் தானாக வரும்.

அடுக்கு விதி என்பது y = a x^n என்ற வடிவம். இரு பக்கமும் மடக்கை எடுத்தால் log y = log a + n log x ஆகிறது. இது நேர்கோட்டின் சமன்பாடு. சாய்வு n, வெட்டுத்துண்டு log a. சொல்லால் சொன்னால், x எங்கிருந்து தொடங்கினாலும் சரி, அதை இரு மடங்காக்கும்போது y எப்போதும் ஒரே மடங்கால் மாறும். வட்டத்தின் ஆரையை இரு மடங்காக்கினால் பரப்பு எப்போதும் நான்கு மடங்காகும் அல்லவா, அதுபோல.

இனி நகரங்கள். 1913-இல் ஜெர்மானியப் பௌதிகவியலாளர் ஃபீலிக்ஸ் அவர்பாக் ஒரு நாட்டின் நகரங்களைப் பெரிதிலிருந்து சிறிதாக வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் அதன் சனத்தொகையால் பெருக்கினால் ஏறத்தாழ ஒரே எண் வருகிறது என்று கவனித்தார். பின்னர் அமெரிக்க மொழியியலாளர் ஜோர்ஜ் ஸிப்ஃப் 1949-இல் வெளிவந்த தமது நூலில் இதைப் பரவலாக்கியதால் இது ஸிப்ஃப் விதி என்று பெயர் பெற்றது. மடக்கைத் தாளில் கிடை அச்சில் வரிசை எண்ணையும் நிலை அச்சில் சனத்தொகையையும் குறித்தால், சாய்வு −1 ஆக ஒரு நேர்கோடு இறங்கி வரவேண்டும் என்பதே அதன் பொருள்.

தமிழ்நாட்டின் 2011 குடிசனமதிப்பீட்டில் நகர்த்திரள்களின் சனத்தொகை கிடைக்கிறது. நகர்த்திரள் என்பது ஒரு நகரமும் அதனுடன் இடைவெளியின்றி ஒட்டி வளர்ந்த பகுதிகளும் சேர்ந்தது. முதல் பத்து இடங்கள், இலட்சக் கணக்கில்:

1 — சென்னை 86.5
2 — கோயம்புத்தூர் 21.4
3 — மதுரை 14.7
4 — திருச்சிராப்பள்ளி 10.2
5 — திருப்பூர் 9.6
6 — சேலம் 9.2
7 — ஈரோடு 5.2
8 — திருநெல்வேலி 5.0
9 — வேலூர் 4.8
10 — தூத்துக்குடி 4.1

மடக்கை எடுப்பதற்கு முன்பே ஒரு பரிசோதனையைச் செய்துவிடலாம். வரிசை எண்ணை இரு மடங்காக்கிக்கொண்டே போவோம். இரண்டாவது இடம் 21.4, நான்காவது 10.2, எட்டாவது 5.0. ஒவ்வொரு முறையும் பாதிக்குச் சற்றுக் குறைவாகிறது. அவர்பாக் சொன்னபடி பெருக்கியும் பார்க்கலாம். கோவை 42.8, மதுரை 44.1, திருச்சி 40.8, திருநெல்வேலி 40, வேலூர் 43.2, தூத்துக்குடி 41. தூரத்துத் துறைமுகமும் மலையடிவார ஆலை நகரமும் இப்படி ஒரே எண்ணைச் சுற்றி நிற்பது வியப்பாகத்தான் இருக்கிறது. சேலம் 55-க்கு ஏறியும் ஈரோடு 36-க்கு இறங்கியும் நிற்கின்றன. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது. அது வரைபிலும் கண்ணுக்குத் தெரியும்.

பிறகு சென்னை. அதன் வரிசை எண் 1, பெருக்கல் 86.5. மற்றவை நிற்கும் இடத்தின் இரு மடங்கு.

இதைக் கணினி விரிதாளில் செய்வது எளிது. A நிரலில் வரிசை எண், B நிரலில் சனத்தொகை. C1-இலும் D1-இலும் கீழே உள்ள முதல் இரண்டு வாய்பாடுகளை இட்டுப் பத்தாவது வரி வரை இழுத்துவிட்டு, கடைசி இரண்டையும் வெற்றுக் கட்டங்களில் இடுங்கள்.

```
=LOG10(A1)
=LOG10(B1)
=SLOPE(D1:D10,C1:C10)
=SLOPE(D2:D10,C2:C10)
```

முதல் SLOPE பத்து நகரங்களுக்குமான சாய்வு. விடை −1.23. இரண்டாவது, சென்னையை விட்டுவிட்டு மீதி ஒன்பதுக்குமானது. விடை −1.03. ஒரே ஒரு புள்ளி சாய்வை இவ்வளவு திருப்பிவிடுகிறது. காரணம் அந்தப் புள்ளி நிற்கும் இடம். வரிசை எண் 1-க்கும் 2-க்கும் உள்ள தூரம் மடக்கைத் தாளில் 5-க்கும் 10-க்கும் உள்ள தூரத்துக்குச் சமம் என்று சொன்னோம். ஆகவே ஆறு நகரங்கள் வலது ஓரத்தில் நெருக்கிக்கொண்டு நிற்கும் அதே அகலத்தில், இடது ஓரத்தில் சென்னை தனியாக நின்று கோட்டின் ஒரு நுனியைப் பிடித்து மேலே தூக்குகிறது. துலாவின் நுனியில் ஒருவர் தொங்கினால் போதும்.

இரண்டில் எது சரியான கோடு? பலர் உடனே R² என்ற பொருத்த அளவைப் பார்ப்பார்கள். அது 1-ஐ நெருங்கினால் கோடு நன்றாகப் பொருந்துகிறது என்று சொல்வது வழக்கம். பார்த்தோம். பத்து நகரங்களுக்கும் 0.96. சென்னை இல்லாத ஒன்பதுக்கும் 0.96. இரண்டு வெவ்வேறு சாய்வுகளுக்கும் ஒரே நற்சான்றிதழ்! இது விபத்தல்ல. நகரங்களைப் பெரிதிலிருந்து சிறிதாக நாமே அடுக்கி வைத்தோம். அடுக்கிய பிறகு ஒவ்வொரு புள்ளியும் முந்தையதை விடக் கீழேதான் வரமுடியும். இப்படி இறங்கு வரிசையில் வைத்த எண்களுக்கு R² பெரும்பாலும் உயரமாகவே வரும். வரிசை எண் வரைபில் அந்த அளவை நம்பி அடுக்கு விதி என்று அறிவிப்பது, பந்தயத்தில் வென்றவர்களை மட்டும் வரிசையில் நிறுத்திவிட்டு எல்லோரும் வென்றார்கள் என்று வியப்பதைப் போன்றது.

ஆகவே R²-ஐ விட்டுவிட்டுக் கோட்டிலிருந்து ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு விலகுகிறது என்று பார்ப்பதே நல்லது. ஒன்பது நகரங்களின் கோட்டை இடது பக்கம் நீட்டினால் முதலாம் இடத்துக்கு ஏறத்தாழ 46 இலட்சம் என்று சொல்கிறது. சென்னை 86.5. மடக்கைத் தாளில் இந்த விலகல் சிறிதாகவே தெரியும். நிலை அச்சு 1-இலிருந்து 100 இலட்சம் வரை இருபது சென்ரிமீற்றர் உயரத்தில் வரையப்பட்டிருந்தால், சென்னை கோட்டுக்கு மேலே மூன்று சென்ரிமீற்றருக்கும் குறைவாகவே நிற்கும். அந்த மூன்று சென்ரிமீற்றருக்குள் நாற்பது இலட்சம் மனிதர்கள் இருக்கிறார்கள். குடிநீருக்கும் பேருந்துக்கும் திட்டம் போடுகிறவர் மடக்கைத் தாளை மட்டும் பார்த்துவிட்டு, ஏறத்தாழப் பொருந்துகிறது என்று எழுந்து போய்விட முடியாது.

சென்னை மட்டும் இப்படியல்ல. நாம் குடியிருக்கும் இலண்டனும் இதே கதைதான். இங்கிலாந்து, வேல்ஸின் 2011 குடிசனமதிப்பீட்டில் கட்டடங்கள் தொடர்ந்து நிற்கும் பரப்பை வைத்துப் பார்த்தால் இலண்டன் 97.9 இலட்சம், மன்செஸ்டர் 25.5, பர்மிங்காமை உள்ளடக்கிய வெஸ்ட் மிட்லண்ட்ஸ் 24.4, லீட்ஸை உள்ளடக்கிய வெஸ்ட் யோர்க்‌ஷயர் 17.8. இலண்டன் மன்செஸ்டரைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. சென்னையும் கோவையைப் போல நான்கு மடங்கு. ஆட்சியும் துறைமுகமும் வணிகமும் ஒரே இடத்தில் குவிந்த நகரங்கள் கோட்டை விட்டு மேலே எழுவதை வேறு பல நாடுகளிலும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இவற்றைத் தலைமை நகரங்கள் என்று தனியாகவே பேசுகிறார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 2011 குடிசனமதிப்பீட்டில் சென்னை மாநகராட்சியின் பழைய எல்லைக்குள் மட்டும் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 46.5 இலட்சம். மேலே கோடு சொன்ன எண் 46. அடடா, எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! சென்னைக்கு மட்டும் மாநகராட்சி எண்ணைப் போட்டுவிட்டால் பத்துப் புள்ளிகளும் ஒரே கோட்டில் வந்துவிடும். ஆனால் மற்ற ஒன்பதும் சுற்றுப்புறம் சேர்ந்த நகர்த்திரள்கள். கோவைக்கும் மாநகராட்சி எல்லையை மட்டும் எடுத்தால் 21.4 இலட்சம் 10.5 ஆகிவிடும், சென்னை மீண்டும் அதன் நான்கு மடங்குக்கு மேலே போய்விடும். ஒரு புள்ளிக்கு ஒரு வரைவிலக்கணம், மற்றவற்றுக்கு இன்னொன்று என்று கலந்தால் எந்தக் கோட்டையும் வரவழைக்கலாம். நேர்கோடு மிக அழகாக வந்துவிட்ட வரைபைக் கண்டால் நாம் முதலில் தேடவேண்டியது இதைத்தான்.

எல்லை என்பது எவ்வளவு பெரிய விடயம் என்று வெஸ்ட் ஈலிங்வாசிகளுக்கு விளக்கத் தேவையில்லை. முன்பு ஈலிங் டீன் என்று அழைக்கப்பட்ட இந்த இடம் மிடில்செக்ஸ் மாவட்டத்தில் இருந்தது. ஈலிங் 1901-இல் தனி நகராட்சியாகப் பட்டயம் பெற்றது. 1965-இல்தான் அக்ரனும் சவுத்தோலும் சேர்ந்து இன்றைய இலண்டன் பெருநகரின் ஈலிங் நகரசபை ஆனது. 1960-இல் ஒருவர் நகராட்சிப் பட்டியலை வைத்து வரைபு வரைந்திருந்தால் ஈலிங்குக்கென்று தனியாக ஒரு புள்ளி இருந்திருக்கும். கட்டடத் தொடர்ச்சியை வைத்து வரைபவருக்கு அப்போதே அந்தப் புள்ளி கிடையாது, அது இலண்டன் என்ற பெரிய புள்ளிக்குள் கரைந்துவிட்டிருக்கும். சென்னைக்கு ஈலிங் போன்றது அம்பத்தூர். 2011 கணக்கெடுப்பின்போது அது தனி நகராட்சி, நாலரை இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வாழ்ந்தார்கள். தனியாக எண்ணினால் தூத்துக்குடியை முந்திக்கொண்டு முதல் பத்துக்குள் வந்துவிடும். அதே ஆண்டின் பிற்பகுதியில் அது சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. மக்கள் யாரும் வீடு மாறவில்லை, ஆனால் வரைபு மாறிவிடும்.

இனி எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. சென்னையை ஒதுக்கி வைத்தாலும், மீதி ஒன்பது புள்ளிகளும் அடுக்கு விதியைத்தான் காட்டுகின்றன என்று எப்படித் தெரியும்? நேர்கோடு போலத் தெரியும் இன்னொரு உறவும் இருக்கலாம். அதில் முதன்மையானது அடுக்குக்குறி வீழ்ச்சி. அங்கே வரிசையில் ஒவ்வொரு படி இறங்கும்போதும் சனத்தொகை ஒரே மடங்கால் குறையும். அதைப் பார்க்க நிலை அச்சில் மட்டும் மடக்கை எடுத்து, கிடை அச்சைச் சாதாரணமாக விடவேண்டும். அரை மடக்கைத் தாள் என்பது அதுதான். அதில் நேர்கோடு வந்தால் அடுக்குக்குறி, இரண்டு பக்க மடக்கையில் நேர்கோடு வந்தால் அடுக்கு விதி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது பிள்ளைகள் அடிக்கடி செய்யும் பிழை.

ஒன்பது நகரங்களையும் அரை மடக்கைத் தாளிலும் போட்டுப் பார்த்தோம். R² 0.94. அடுக்கு விதிக்கு 0.96. இந்த வித்தியாசத்தை வைத்து யாரும் தீர்ப்பு எழுத முடியாது. அதற்கு மேலும் ஒரு சங்கடம் இருக்கிறது. பதினோராவது இடத்தில் திண்டுக்கல் வருகிறது, ஏறத்தாழ 2.9 இலட்சம். அடுக்கு விதிக் கோடு அந்த இடத்துக்கு 3.8 இலட்சம் என்று சொல்கிறது. அடுக்குக்குறிக் கோடோ 3.0 என்று கிட்டத்தட்டச் சரியாகவே சொல்லிவிடுகிறது! இந்த இடத்தில் நிறுத்தினால் தோற்றது நாம் நம்பிய விதிதான்.

ஆனால் நிறுத்தக்கூடாது. இரண்டு கோடுகளும் பக்கத்தில் ஒன்றாக நடந்தாலும் தூரத்தில் பிரிந்துவிடும். அடுக்குக்குறிக் கோட்டின்படி பதினேழாவது இடத்திலேயே சனத்தொகை ஒரு இலட்சத்துக்குக் கீழே இறங்கிவிட வேண்டும், இருபதாவது இடத்தில் ஐம்பதாயிரம்கூட இருக்கக்கூடாது. அடுக்கு விதி இருபதாவது இடத்துக்கு இரண்டு இலட்சம் என்கிறது. தமிழ்நாட்டைத் தெரிந்தவர்கள் இதற்கு விரல் விட்டே விடை சொல்லலாம். தஞ்சாவூர், நாகர்கோவில், காஞ்சிபுரம், கரூர், ஓசூர், சிவகாசி, கும்பகோணம், கடலூர், காரைக்குடி, திருவண்ணாமலை, இராஜபாளையம் என்று ஒரு இலட்சத்தைத் தாண்டிய ஊர்கள் தொடர்ந்து வருகின்றன. இவற்றோடு முதல் பதினொன்றையும் சேர்த்தாலே இருபதைத் தாண்டிவிட்டோம். அடுக்குக்குறி இங்கே தெளிவாகத் தோற்றுவிடுகிறது. அருகிலிருந்த திண்டுக்கல் தவறான பக்கம் சாட்சி சொன்னது, தூரத்து ஊர்கள் சேர்ந்து வழக்கைத் திருப்பின.

இதனால்தான் இந்தத் துறையில் பழகியவர்கள் நேர்கோட்டைக் கண்டதும் அது எத்தனை பத்து மடங்குகளுக்கு நீள்கிறது என்று கேட்பார்கள். எமது ஒன்பது நகரங்கள் 21 இலட்சத்திலிருந்து 4 இலட்சம் வரைதான், ஒரு பத்து மடங்குகூட இல்லை. அவ்வளவு குறுகிய இடைவெளியில் எந்த வளைகோடும் நேராகத்தான் தெரியும், பூமி தட்டையாகத் தெரிவது போல. குறைந்தது இரண்டு பத்து மடங்குகளுக்கு, அதாவது நூறு மடங்கு வீச்சுக்கு, கோடு வளையாமல் நின்றால்தான் அடுக்கு விதி என்ற சொல்லைத் துணிந்து பயன்படுத்தலாம் என்பது எமது கருத்து. 2009-இல் கிளோசட், ஷலிசி, நியூமன் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, அடுக்கு விதி என்று சொல்லப்பட்டுவந்த பல தரவுகளை மீண்டும் பரிசோதித்து, அவற்றில் சில அந்தப் பெயருக்குத் தகுதியற்றவை என்று காட்டியது. கோட்டைக் கண்ணால் பொருத்துவதற்குப் பதில் வேறு உறவுகளோடு ஒப்பிட்டுச் சோதிக்கும் முறையையும் அது தந்தது.

இப்படி ஒரு கோடு ஏன் வருகிறது என்பதற்கும் ஒரு விளக்கம் இருக்கிறது. பெரிய நகரமானாலும் சிறிய நகரமானாலும் ஆண்டு வளர்ச்சி வீதம் அதன் அளவைப் பொறுத்ததல்ல என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டில் ஒன்று இரண்டு வீதம் வளரும், இன்னொன்று ஒரு வீதம் தேயும், யாருக்கு எது என்பது தற்செயல். மிகச் சிறிதாகி மறைந்துபோவதை மட்டும் தடுத்துவிட்டால், நீண்ட காலத்தில் நகரங்களின் அளவுகள் −1 சாய்வுள்ள கோட்டில் வந்து படியும் என்று பொருளியலாளர் சேவியர் கபே 1999-இல் காட்டினார். கோட்டை யாரும் திட்டமிட்டு வரையவில்லை என்பதே இதில் முக்கியம். கோடு நிலைத்திருக்க, அதன் மேல் உள்ள ஊர்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கலாம்.

அந்தக் கடைசி வாக்கியம் எம்மில் பலருக்கு நெருங்கியது. இலங்கையின் 1981 குடிசனமதிப்பீட்டில் யாழ்ப்பாண மாநகரில் 1.18 இலட்சம் பேர் வாழ்ந்தார்கள். அப்போது அதற்கு மேலே கொழும்பும், தெஹிவளை-கல்கிசையும், மொரட்டுவையும் மட்டுமே இருந்தன. பின்னைய இரண்டும் கொழும்போடு ஒட்டிய கரையோர நகரங்கள். ஈலிங்கை இலண்டனுக்குள் சேர்ப்பது போல அவற்றையும் கொழும்புக்குள் சேர்த்தால், யாழ்ப்பாணம் இலங்கையின் இரண்டாவது நகரம். 2012 குடிசனமதிப்பீட்டில் அதே மாநகரின் சனத்தொகை ஒரு இலட்சத்துக்கும் கீழே போயிருந்தது. இடையில் போரும் இடப்பெயர்வும் நடந்தன. அங்கிருந்து புறப்பட்டவர்களில் சிலர்தான் இன்று இந்தப் பத்தியை ஈலிங்கிலிருந்து வாசிக்கிறார்கள்.

1981-க்கு ஒரு வரைபும் 2012-க்கு ஒரு வரைபும் வரைந்து ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் இதில் எதுவும் தெரியாது. ஒரு நகரம் இறங்கிய இடத்தில் இன்னொன்று ஏறியிருக்கும். வரிசை எண்ணுக்கு யார் அதில் நிற்கிறார்கள் என்ற கவலை இல்லை. யாழ்ப்பாணத்துக்கு என்ன நடந்தது என்று அறிய விரும்பும் மாணவர் வேறொரு தாளை எடுக்கவேண்டும். கிடை அச்சில் குடிசனமதிப்பீட்டு ஆண்டு, நிலை அச்சில் மடக்கையில் சனத்தொகை, ஒவ்வொரு ஊருக்கும் அதன் பெயரோடு தனிக் கோடு. 1981-க்கும் 2012-க்கும் இடையில் வடக்கில் முழுமையான கணக்கெடுப்பு நடக்கவில்லை என்பதால், யாழ்ப்பாணத்தின் கோட்டில் முப்பத்தோராண்டு இடைவெளி விழும். அந்த இடைவெளியை நேர்கோட்டால் இணைக்காமல் வெறுமையாக விடுவதே சரியான வரைபு.